எங்களுக்கு இன்னும் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை

முதல் தடவை அனுப்பிய அறுபது மின்னஞ்சல்களுக்கும் சேர்த்து வந்தது ஒரே ஒரு பதில். "என் முகவரியை உங்களுக்கு யார் கொடுத்தது?" என்று ஒரு பல் டாக்டர் கேட்டிருந்தார். வணக்கம்கூட இல்லை.

"சரி, ஒருத்தராவது படிச்சிருக்காரே" என்றான் அண்ணன்.

சிட்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. சிட்டு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். இருபத்தொன்பது வயதாகியும் அது ஒட்டிக்கொண்டு விட்டது. நான்கு வருடம் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள். அந்த டாக்டர் ஓய்வு பெற்று கிளினிக்கை மூடியபோது, வேறு வேலை தேடாமல் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் ஒரு சரக்கு நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறவன். அவனுடைய மாலை நேரங்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் ஏழு மாதம் பிடுங்கிக்கொண்டு அவள் ஒன்றைச் செய்ய வைத்திருந்தாள். அதன் பெயர் 'ரெடியா'.

அவள் வேலை பார்த்த நான்கு வருடமும் காலையில் முதல் வேலை, லேபுக்கு ஃபோன் போட்டு "கேப் ரெடியா?" என்று கேட்பதுதான். பல்லைச் செதுக்கி, அளவெடுத்து, அச்சை லேபுக்கு அனுப்பினால், அவர்கள் பல்லுக்கு மேலே மாட்டுகிற கேப்பைச் செய்து பத்து நாளில் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பினால் சரி. அனுப்பாவிட்டால், அரை நாள் லீவு போட்டு வந்து வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் "இன்னும் வரலைங்க, அடுத்த வாரம் வர்றீங்களா?" என்று சொல்லும் பாக்கியம் வரவேற்பு மேசைக்குத்தான்.

அந்த அறுபது மின்னஞ்சலை எழுதியது அண்ணன். சமையலறை மேசையில் உட்கார்ந்து அவள் அதை மறுபடி வாசித்தாள். 'பல் மருத்துவத் துறையின் முன்னணித் தீர்வு' என்று தொடங்கியது. 'நூற்றுக்கணக்கான மருத்துவர்களின் கனவு நனவாகிறது' என்று முடிந்தது.

"அண்ணா, எந்த நூறு டாக்டர்?"

"வரப்போற நூறு."

"முன்னணின்னு போட்டிருக்கே. பின்னாடி யாரு இருக்கா?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க சிட்டு."

காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள்: "எல்லாரும் அப்படி எழுதினா, படிக்கிறவங்களுக்கு எல்லாமே ஒரே மாதிரிதான தெரியும்?"

அன்று மாலை சிட்டு தானே எழுத உட்கார்ந்தாள். நான்கு வருடத்தில் அவளுடைய டாக்டருக்கு வந்த எத்தனையோ விற்பனை மின்னஞ்சல்களை அவளே அழித்திருக்கிறாள். எந்த வரியில் கை அழிக்கும் பட்டனுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வரிகளையெல்லாம் விட்டுவிட்டு எழுதினாள். தலைப்பு: 'கேப் தயாரா என்று லேபுக்கு ஃபோன் போடும் வேலை பற்றி.'

*வணக்கம். நான் நான்கு வருடம் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருந்தவள். தினமும் லேபுக்கு ஃபோன் செய்தும், மாதத்துக்கு நான்கைந்து பேர் வந்துவிட்டுக் கேப் இல்லாமல் திரும்பிப் போவார்கள்.*

*இதற்காக நானும் என் அண்ணனும் ஒரு சின்ன மென்பொருள் செய்திருக்கிறோம். நோயாளி வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்னால் லேபுக்குத் தானாக ஒரு குறுஞ்செய்தி போகும். அவர்கள் 'தயார்', 'தாமதம்', 'ஒரு சந்தேகம்' என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டால் போதும். சந்தேகம் என்னவென்று ஒரு வரி எழுதவும் இடம் உண்டு. பதில் உங்கள் திரையில் தெரியும். அவ்வளவுதான்.*

*நாங்கள் புதியவர்கள். எங்களுக்கு இன்னும் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. நாங்கள் இரண்டே பேர். அண்ணனுக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது. இதில் பில் போட முடியாது, எக்ஸ்ரே சேமிக்க முடியாது.*

*முயன்று பார்க்க முதல் மூன்று கிளினிக்குகளைத் தேடுகிறோம். ஆறு வாரம், கட்டணம் இல்லை. நோயாளியின் பெயர் எங்களுக்கு வேண்டாம், கேஸ் எண் போதும். லேப் கேஸ்களை நீங்கள் எழுதி வைக்கும் நோட்டை மூடி வைக்கச் சொல்ல மாட்டோம். பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: வரவேற்பு மேசையில் இருப்பவர் வாரத்தில் ஒரு நாள் பதினைந்து நிமிடம் எங்களைத் திட்டுவதற்கு ஒதுக்க வேண்டும். ஏதாவது தவறு நடந்தால் நீங்கள் கண்டுபிடிக்கும் முன் நாங்களே சொல்வோம்.*

*விருப்பமில்லை என்றால் 'வேண்டாம்' என்று ஒரு சொல் போதும். மறுபடி எழுத மாட்டோம்.*

கீழே தன் பெயரும் ஃபோன் எண்ணும்.

அண்ணன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "இது விக்கிற மெயிலா, மன்னிப்புக் கடிதமா? பில் போட முடியாதுன்னு நாமளே சொல்லணுமா?"

"போட முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்ப?"

அண்ணன் மடிக்கணினியை அவள் பக்கமே தள்ளினான்.

இந்தத் தடவை அவள் மொத்தமாகத் தள்ளிவிடவில்லை. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கிளினிக்கின் பக்கத்தையும் திறந்து பார்த்து, அவர்களுக்கென்று ஒரு வரி சேர்த்தாள். ஒரு கிளினிக்குக்கு இப்படி: 'நீங்கள் சனிக்கிழமை முழு நாளும் திறந்திருக்கிறீர்கள். லேப்கள் அன்று பாதி நாள்தான். சனிக்கிழமை வரும் நோயாளிக்கு வெள்ளிக்கிழமையே கேப் வந்துவிடுகிறதா?'

மூன்று நாளில் இருபத்து நான்கு போயிற்று. இரண்டு பேர் 'வேண்டாம்' என்று எழுதினார்கள். சொன்னபடி அவர்கள் பெயரை அடித்தாள். ஒருவர் 'பில் போட முடியுமா?' என்று கேட்டார். அண்ணன் அதைச் சத்தமாக இரண்டு தடவை வாசித்துக் காட்டினான்.

ஐந்தாவது நாள் காலை, சனிக்கிழமை கிளினிக்கிலிருந்து பதில் வந்தது.

*வணக்கம். உங்கள் மெயிலை டாக்டர் படிக்கவில்லை. டாக்டருக்கு வருவதை நான்தான் படிக்கிறேன், நான் ரிசப்ஷனிஸ்ட். பெரும்பாலும் அழித்துவிடுவேன். சனிக்கிழமை பற்றிக் கேட்டீர்கள். வருவதில்லை. இன்னொன்று: திட்டுவதற்குப் பதினைந்து நிமிடம் போதும் என்று நினைக்கிறீர்களா? வியாழன் ஒன்றரைக்கு வாருங்கள். டாக்டரம்மா சாப்பிட்டு முடித்திருப்பார், நல்லபடியாகப் பேசுவார்.*

சிட்டு போட்ட சத்தத்தில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

*

கிளினிக் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. குறுகலான படிகள். மேலே கண்ணாடிக் கதவு, ஆறு நாற்காலி, ஒரு மீன் தொட்டி. மேசைக்குப் பின்னால் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டபடி இரண்டு ஃபோன்களில் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றை வைத்துவிட்டு, "ரெடியாவா?" என்றார்.

"ஆமாங்க. நான்தான்."

"உக்காருங்க. இப்பதான் லேபுக்குப் போட்டேன். எடுக்க மாட்டேங்கறாங்க. எடுத்தா மட்டும் என்ன, 'வண்டி கிளம்பிடுச்சு'ன்னுவாங்க. அந்த வண்டி என்னமோ போன மாசத்துல இருந்து கிளம்பிக்கிட்டே இருக்கு."

சிட்டுவுக்குத் தன் சொந்த அக்காவைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு 'அக்கா' என்றே பெயராயிற்று.

டாக்டரம்மா உள்ளறையில் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எத்தனை கிளினிக்ல போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க. மெயில்லயே எழுதியிருந்தேன்."

"எழுதியிருந்தீங்க. நேர்ல கேட்டா மாத்திச் சொல்றீங்களான்னு பார்த்தேன்." அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்தார். எல்லாமே செய்யும்னார். நாலு மாசத்துல கம்பெனியே இல்லை. எங்க பேஷன்ட் விவரம் எல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. நாளைக்கு நீங்களும் கடையைச் சாத்திட்டா?"

"சாத்தலாங்க. நாங்க நிலைச்சு நிப்போம்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா எந்த நாள்லயும் ஒரு பட்டனைத் தொட்டா உங்க கேஸ் முழுக்க ஒரு அட்டவணையா உங்க கம்ப்யூட்டர்ல இறங்கிடும். அதைத் திறக்க எங்க மென்பொருள் வேண்டாம். அக்காவோட நோட்டும் கூடவே ஓடும். நாங்க காணாமப் போனாலும் மறுநாள் காலையில உங்க வேலை நிக்காது."

"செஞ்சு காட்டுங்க."

அவள் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். டாக்டரம்மா அந்த அட்டவணையைத் தானே திறந்து மூடிப் பார்த்தார். பிறகு, "ஆறு வாரம் கழிச்சு இது வேலைக்கு ஆகுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? 'நல்லாத்தான் இருக்கு'ன்னு பொத்தாம் பொதுவா பேசறது எனக்குப் பிடிக்காது."

கதவருகே நின்ற அக்கா நோட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கேஸ் எண், லேப், நாள். அங்கங்கே சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"வந்து சும்மா திரும்பிப் போனவங்களுக்கு வட்டம் போடுவேன். வேற எதுக்கும் இல்லை, என் வயித்தெரிச்சலுக்கு."

மூவருமாக உட்கார்ந்து கடைசி ஆறு வாரத்து வட்டங்களை எண்ணினார்கள். ஏழு.

"ரெண்டுக்கு மேல போகக்கூடாது" என்றார் டாக்டரம்மா. "போகலைன்னா மேற்கொண்டு பேசலாம். போனா, தேங்க்ஸ் சொல்லி அனுப்பிடுவேன். சரியா?"

"சரிங்க."

கீழே தெருவுக்கு வந்ததும் அவள் அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். அவன் அலுவலகத்தில் ஏதோ கூட்டத்தில் இருந்தான் போல, "ம்... ம்..." என்று மட்டும் சொன்னான். கடைசியில் தாழ்ந்த குரலில், "நிஜமாவா?" என்றான்.

*

கிளினிக் சம்மதித்தால் மட்டும் போதாது. லேப்காரர்கள் பதில் சொல்லாவிட்டால் திரையில் எதுவும் தெரியாது. அந்தக் கிளினிக்குக்கு மூன்று லேப்கள். சிட்டு மூன்றுக்கும் நேரில் போனாள். இரண்டில் பிரச்சினை இல்லை. பெரிய லேபில்தான் இடித்தது.

அது ஒரு பழைய கட்டடத்தின் பின்பகுதி. எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பொடி. அலமாரி முழுக்கப் பல் அச்சுகள், இளித்தபடி வரிசையாக. உரிமையாளர் நெற்றிக்கு மேலே உருப்பெருக்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு கடைவாய்ப் பல்லை மெழுகில் வடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு ஆப்பா? ஏற்கெனவே ஃபோன்ல இடமில்லைம்மா."

"ஆப் இல்லைங்க. சாதாரண மெசேஜ்தான். மூணுல ஒண்ணைத் தொட்டா போதும். காலையில எத்தனை ஃபோன் வருது உங்களுக்கு?"

அவர் பதில் சொல்லுமுன் ஃபோன் அடித்தது. மெழுகுக் கையோடு அதைப் பார்த்தார். நின்றது. மறுபடி அடித்தது.

"இவங்கதான். உங்க கிளினிக்" என்றார் அலுப்போடு.

"இனிமே இந்த ஃபோன் வராது. மெசேஜுக்குப் பதில் சொன்னா."

"எழுதிக் கொடுப்பியா?"

"எழுதிக் கொடுக்க முடியாதுங்க. அக்காவைப் பத்தி உங்களுக்கே தெரியும். குறையும்."

லேப்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எண்ணைக் கொடுத்தார்.

முதல் இரண்டு வாரம் சுமாராக ஓடியது. வெள்ளிக்கிழமை தோறும் சிட்டு போய் உட்கார்ந்து திட்டு வாங்கினாள். அதற்கென்று ஒரு தனி நோட்டே போட்டாள். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. தாமதம் என்றால் திரை முழுக்கச் சிவப்பாகிறது, காத்திருக்கிறவர்கள் எட்டிப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஒரே நோயாளிக்கு மூன்று பல் இருந்தால் மூன்று தடவை பதிய வேண்டியிருக்கிறது. "உங்க அண்ணனுக்குப் பல்லே வலிச்சதில்லையா?" என்று கேட்டார் அக்கா. பதினைந்து நிமிடம் எப்போதும் ஐம்பது நிமிடமாயிற்று. நடுவில் தேநீர் வந்தது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். அவனும் மெல்ல மெல்ல அக்காவுக்குப் பயப்பட ஆரம்பித்திருந்தான். பார்த்ததே இல்லை, ஆனாலும்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. சிட்டு பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் கதவைத் தட்டினான். முகம் வெளுத்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை மூணு பல்லை ஒண்ணா பதியற மாதிரி மாத்தினேன்ல? அதுல ஒரு தப்பு. 'ஒரு சந்தேகம்'னு வந்த பதில் மட்டும் திரைக்குப் போகலை. எங்கயோ உள்ள தங்கிடுச்சு. நேத்துல இருந்து மூணு பதில்."

"இப்ப?"

"சரிபண்ணிட்டேன். இனிமே வரும்." அவன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான். "சிட்டு, அவங்க எட்டரைக்குத்தான் திறப்பாங்க. திறக்கறப்போ மூணும் திரையில இருக்கும். இப்பதான் வந்த மாதிரி இருக்கும். யாருக்கும் தெரியாது."

அவள் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு வந்தாள். ஒரு நாள் தாமதம்தானே என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஏழு மாத உழைப்பு. ஒரே ஒரு கிளினிக். டாக்டரம்மாவுக்கு ஏற்கெனவே ஒருதடவை சூடு பட்டிருக்கிறது. ஃபோனைக் கையில் எடுத்து, மேசையில் வைத்து, மறுபடி எடுத்தாள்.

"நாமதான எழுதினோம், நீங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி சொல்வோம்னு."

"நீதான் எழுதின" என்றான் அண்ணன். பிறகு அவனே, "பண்ணு. நான் பக்கத்துல இருக்கேன்" என்றான்.

அக்கா வீட்டில் ஏதோ அவசரத்தில் இருந்தார். பின்னால் பாத்திரச் சத்தம். சிட்டு நடந்ததைச் சொன்னாள். எத்தனை பதில், எப்போதிலிருந்து, யார் தப்பு, இப்போது சரியாகிவிட்டதா, எல்லாம். கேஸ் எண்களையும் படித்தாள். மறுமுனையில் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கடைசி நம்பரை மறுபடி சொல்லுங்க."

சொன்னாள்.

"அது வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வர்ற பேஷன்ட். முன்பல். அவருக்கு வெள்ளிக்கிழமை காலையில வேலைக்கு இன்டர்வியூ. தற்காலிகப் பல்லோட போகமாட்டேன்னு தலைகீழா நிக்கறார். லேப் என்ன கேட்டிருக்காங்க?"

"பல்லோட நிறம் எழுதலைன்னு. நிறம் தெரியாம நிறுத்தி வெச்சிருக்கோம்னு."

அக்கா சொன்ன அடுத்த நான்கு வாக்கியங்கள் அண்ணன் காதிலும் விழுந்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் ஐந்தாவது வாக்கியம் வேறு மாதிரி இருந்தது.

"சரி, திட்டினது போதும். நான் இப்பவே கிளம்பறேன். நிறம் ஃபைல்ல இருக்கும், லேபுக்கு அனுப்பற சீட்டுல எழுதாம விட்டது நாங்கதான். நீங்க பெரிய லேபுக்குப் போயி அந்த ஆளு பக்கத்துல நில்லுங்க."

அக்கா முக்கால் மணி நேரத்தில் கிளினிக்கைத் திறந்து, ஃபைலைத் தேடி, நிறத்தின் எண்ணை ஃபோனில் படித்தார். லேபில் வெள்ளைப் பொடிக்கு நடுவே நின்றபடி சிட்டு அதை எழுதி வாங்கி, உரிமையாளர் கண்ணெதிரே சீட்டில் ஒட்டினாள். அவர் தலையைச் சொறிந்தார். கேப்பின் உள்கூடு தயாராக இருக்கிறது. மேலே பீங்கான் ஏற்ற வேண்டும், சூளையில் வைக்க வேண்டும், மெருகு கொடுக்க வேண்டும்.

"வியாழன் மதியம் ஒரு மணிக்கு முடியும். ஆனா எங்க வண்டி அஞ்சு மணிக்குத்தான்."

"வண்டி வேண்டாம். நான் வர்றேன்."

வியாழக்கிழமை ஒரு மணிக்கு அவள் அங்கே இருந்தாள். ஒன்று இருபதுக்குக் கேப் சூளையிலிருந்து வெளியே வந்தது. கொஞ்சம் ஆறவேண்டும் என்றார்கள். ஒன்று நாற்பதுக்கு ஒரு சின்னப் பெட்டியை அவள் கையில் வைத்தார்கள். யாரோ ஒருவருடைய சிரிப்பைத் தோள்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வேகத்தடை வரும்போதெல்லாம் ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு நீளமான சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, ஆர அமரப் போயிற்று. அண்ணனின் நிறுவனத்துச் சரக்காகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் மேல் கோபம் கோபமாக வந்தது.

இரண்டு ஐந்துக்குப் படியேறினாள். அந்த மனிதர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தயாராக இருந்தார். டாக்டரம்மா எதுவும் கேட்காமல் கையை நீட்டினார். பெட்டி கை மாறியது.

அரை மணி கழித்து அந்த மனிதர் வெளியே வந்தார். மீன் தொட்டிக் கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொண்டார், அக்காவிடம் காட்டினார், பிறகு சிட்டுவிடம். "நீங்களும் இங்க டாக்டரா?"

"இல்லைங்க. பல் கொண்டு வர்றவ."

"நல்ல வேலை" என்றார் அவர், நிஜமாகவே. வெள்ளிக்கிழமை மாலை கிளினிக்குக்கு ஃபோன் செய்து வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னாராம். அதற்குப் பல்தான் காரணம் என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார்.

*

ஆறு வாரம் முடிந்த அன்று அண்ணனும் லீவு போட்டுவிட்டு வந்தான். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவர்தானா?" என்றார். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

நோட்டு விரிந்தது. நால்வரும் தலைகளை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஆறு வாரத்தில் ஒரே ஒரு சிவப்பு வட்டம்.

"அதுவும் லேப் தப்பு இல்லை" என்றார் அக்கா. "அந்தத் தாத்தா புதன்கிழமைக்குப் பதிலா செவ்வாய்க்கிழமை வந்துட்டார்."

"அப்ப அதைக் கணக்குல சேர்க்க வேண்டாமே" என்றான் அண்ணன் ஆசையாக.

"வந்தார், சும்மா போனார். வட்டம் வட்டம்தான்."

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். ஒரு லேபில் சூளை கெட்டுப்போய் நான்கு கேஸ் தாமதமானதையும் அவர் பார்த்தார். அந்த நான்கு நோயாளிகளுக்கும் இரண்டு நாள் முன்னாலேயே ஃபோன் போய், வேறு நாள் கொடுக்கப்பட்டிருந்தது. ஒருவரும் வந்து திரும்பவில்லை.

"எனக்கு இது வேணும்" என்றார் அவர். "அடுத்த மாசத்துல இருந்து பணம் வாங்கிக்கோங்க. சும்மா செய்யறவங்க ரொம்ப நாள் செய்யமாட்டாங்க. ஒண்ணு கேக்கறேன்: இவர் பகல் வேலையை விட்டுட்டு வருவாரா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள். "இப்போதைக்கு இல்லைங்க. இன்னும் அஞ்சாறு கிளினிக் வந்தாத்தான் முடியும். அது வரைக்கும் பகல்ல ஏதாவது ஆனா நான் எடுப்பேன், அவன் சாயங்காலம்தான் பார்ப்பான். நிஜமான அவசரம்னா மதிய இடைவேளையில."

"பரவாயில்லை. தெரிஞ்சுக்கிட்டா அதுக்குத் தகுந்த மாதிரி நாங்க இருந்துப்போம்." டாக்டரம்மா முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டார். "அந்த செவ்வாய்க்கிழமை நீங்க ஃபோன் பண்ணலைன்னா இப்படி ஒரு தப்பு நடந்ததே நமக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு இவங்க சொன்னாங்க."

"தெரிஞ்சிருக்காது" என்று அண்ணனே ஒப்புக்கொண்டான். அக்கா அவனுக்கு இன்னொரு பிஸ்கட் எடுத்து வைத்தார்.

வெளியே வந்து இருவரும் மருந்துக் கடை வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கட்டிப்பிடித்துக்கொள்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அண்ணன் அவள் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினான். அவள் அவன் காலை மிதித்தாள்.

திங்கட்கிழமை காலை அவளுடைய ஃபோன் அடித்தது. பெரிய லேபின் உரிமையாளர்.

"ஏம்மா, நியாயமா இது? ஒரு கிளினிக் மட்டும் அமைதியா இருக்கு. மத்ததெல்லாம் முன்னைவிட அதிகமா கத்தற மாதிரி கேக்குது எனக்கு. என்கிட்ட பத்தொம்பது கிளினிக் இருக்கு. இதைப் பத்திச் சொன்னேன். ஏழு பேரு உடனே வேணும்ங்கறாங்க. எப்பப் போடற?"

சிட்டு எழுந்து நின்றுவிட்டாள். ஏழு. நாக்கு நுனி வரை "நாளைக்கே" வந்துவிட்டது. அண்ணன் வேலைக்குக் கிளம்பிக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு காலுறையோடு அப்படியே நின்று அவளைப் பார்த்தான்.

"ஏழு இப்ப எங்களால முடியாதுங்க" என்றாள். "இப்பதான் ஒரு கிளினிக்கை ஒழுங்கா நடத்தக் கத்துக்கிட்டிருக்கோம். ரெண்டு எடுத்துக்கறோம். அது சரியா ஓடினதும் அடுத்த ரெண்டு. மத்தவங்ககிட்ட நாங்க புதுசு, கொஞ்சம் பொறுக்கணும்னு சொல்லிடுங்க. இல்லைன்னா நானே எழுதறேன்."

மறுமுனையில் சூளையின் கதவு மூடும் சத்தம் கேட்டது. "வர்ற வியாபாரத்தை வேண்டாம்னு சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன். சரி, எந்த ரெண்டு?"

"உங்களுக்கு யாரு அதிகமா ஃபோன் பண்றாங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "எழுதிக்கோ" என்றார்.

அண்ணன் மற்றக் காலுறையைக் கையில் பிடித்தபடியே பேனாவை எடுத்து நீட்டினான்.